விலையை அப்படியே ஊட்டினால் மாதிரி ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது?

கேள்வி: லங்கா ஐஓசி பங்கின் இறுதி விலை, 20 நாள் நகரும் சராசரி, எம்ஏசிடி மூன்றையும் கொடுத்து, நாளைய விலையைக் கணிக்க 2021 வரையான தரவில் ரேண்டம் ஃபாரஸ்ட் மாதிரியைப் பயிற்றுவித்தேன். 2022இல் விலை ஏற ஏற, மாதிரி ஏறக்குறைய ஒரே எண்ணையே சொல்கிறது. `StandardScaler` போட்டும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒரு பகுதியை நடத்தும் நிறுவனம் என்பதால், திருகோணமலையில் இந்தப் பங்கைக் கவனிப்பவர்கள் பலர். வார இறுதிகளில் இங்குள்ள மாணவர் சிலருக்குத் தரவுப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுக்கும்போது நானும் இதே பங்கையே எடுப்பேன். 2022இல் அதன் விலை பல மடங்கு உயர்ந்ததால் உங்கள் சிக்கல் இதில் மிகத் தெளிவாகத் தெரியும்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். பயிற்சிக் காலத்தில் விலை 15 ரூபாய்க்கும் 60 ரூபாய்க்கும் இடையில் இருந்தது எனக் கொள்வோம். ரேண்டம் ஃபாரஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு முடிவு மரமும் அந்த எல்லைக்குள் மட்டுமே பிரிகோடுகளைப் போட்டிருக்கும். ஆகவே 61 ரூபாய் வந்தாலும் 150 ரூபாய் வந்தாலும் இரண்டும் வலது ஓரத்து ஒரே இலையில்தான் விழும். அந்த இலையின் சராசரி 57 என்றால், ஒவ்வொரு நாளும் 57 என்ற விடையே வரும். `StandardScaler` இதைத் தீர்க்காது, ஏனெனில் அது எண்களின் வரிசையை மாற்றாமல் அளவை மட்டுமே மாற்றுகிறது. மரத்துக்கு வரிசைதான் முக்கியம். நேர்கோட்டு மாதிரிக்கும் அது உதவாது. சராசரி 30, நியம விலகல் 10 எனில், 150 ரூபாய் என்பது 12 என்ற மதிப்பாக வந்து நிற்கும். பயிற்சியில் அப்படியொரு மதிப்பை மாதிரி கண்டதே இல்லை.

எனவே மாதிரிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு அளவும் விலையின் மட்டத்திலிருந்து விடுபட்டதாக இருக்க வேண்டும். விலைக்குப் பதிலாக மடக்கை வருவாயை, அதாவது இன்றைய விலையின் மடக்கையிலிருந்து நேற்றைய விலையின் மடக்கையைக் கழித்து வருவதைக் கொடுங்கள். நகரும் சராசரிக்குப் பதிலாக, விலை அதிலிருந்து எத்தனை வீதம் விலகி நிற்கிறது என்பதைக் கொடுங்கள். எம்ஏசிடி இரண்டு சராசரிகளின் வித்தியாசம் என்பதால் அதன் அலகு ரூபாய்; 1.5 என்ற அதே எம்ஏசிடி, விலை 30 ஆக இருக்கும்போது 5 வீதம், 150 ஆக இருக்கும்போது வெறும் 1 வீதம். அதனை அன்றைய விலையால் வகுத்தாலே போதும். ஆர்எஸ்ஐ இயல்பாகவே 0 முதல் 100 வரை நிற்பதால் அதை மாற்றத் தேவையில்லை.

```python
c = df["close"]
r = np.log(c).diff()
macd = c.ewm(span=12, adjust=False).mean() - c.ewm(span=26, adjust=False).mean()
X = pd.DataFrame({
    "ret1": r,
    "sma_gap": c / c.rolling(20).mean() - 1,
    "macd_pct": macd / c,
    "zret": r / r.rolling(60).std().shift(1),
})
y = r.shift(-1)
```

இலக்கும் வருவாயாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். உள்ளீடுகளை மட்டும் திருத்திவிட்டு, நாளைய விலையையே இலக்காக வைத்தால் மரம் பழைய இடத்துக்கே வந்துவிடும். விலை வேண்டுமானால், கணித்த வருவாயின் `np.exp` மதிப்பால் இன்றைய விலையைப் பெருக்குங்கள்.

`zret` ஏன் என்று கேட்பீர்கள். வருவாயின் சராசரி பெரிதாக நகராவிட்டாலும் அதன் ஏற்ற இறக்கம் நகரும். அமைதியான ஆண்டில் 4 வீத மாற்றம் பெரிய செய்தி, 2022 போன்ற ஆண்டில் அது வழமையான நாள். கடந்த 60 நாட்களின் நியம விலகலால் வகுத்தால் இரண்டும் ஒரே அளவுகோலுக்கு வரும். அங்கே `shift(1)` இருப்பதால், இன்றைய பெரிய அசைவு தன்னையே அளக்கும் கோலைப் பெரிதாக்கிக்கொள்ளாது. இதனால்தான், ஒரு தொடர் நிலையானதா என்று பார்க்கும் ஏடிஎஃப் சோதனையில் தேறியதோடு நான் திருப்தியடைவதில்லை: அந்தச் சோதனை அலகு மூலம் இல்லை என்பதைக் காட்டலாம், மாறற்றிறன் மாறவில்லை என்று சொல்லாது. ஒவ்வொரு அளவுக்கும் பயிற்சித் தரவின் 1 வீத, 99 வீத எல்லைகளை எடுத்து, சோதனைத் தரவில் எத்தனை நாட்கள் அவற்றுக்கு வெளியே விழுகின்றன என்று எண்ணுங்கள். 2 வீதமளவில் இருந்தால் நல்லது; 15, 20 வீதம் என்று வந்தால் அந்த அளவு இன்னும் மட்டத்தையோ ஏற்ற இறக்கத்தையோ சுமந்துகொண்டிருக்கிறது.

தரவிலும் ஒரு பொறி உண்டு. ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்ட நாளில், திருத்தப்படாத விலையில் வருவாய் −0.69 என்று வரும். அது சரிவே அல்ல. வழக்கத்துக்கு மிஞ்சிய வருவாய் வந்த நாட்களை நிறுவன அறிவித்தல்களோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே மேலே உள்ள கணக்கைத் தொடங்குங்கள். குறைவாகக் கைமாறும் பங்குகளில், வியாபாரமே நடக்காத நாட்கள் 0 வருவாயாகக் குவிந்து நியம விலகலைச் சுருக்கிவிடுவதால், அவற்றுக்கு 60 நாள் சாளரம் போதாமல் போகலாம்.

இத்தனையும் செய்தபின் உங்கள் மதிப்பெண் விழும், பயப்பட வேண்டாம். விலையை இலக்காக வைத்தபோது பயிற்சிக் காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய உயர்ந்த R², நாளைய விலை இன்றைய விலைக்கு அருகில் இருக்கும் என்பதிலிருந்து வந்ததே தவிர, மாதிரி எதையும் கற்றதால் வந்ததல்ல. வருவாயை இலக்காக வைத்தால் சோதனைத் தரவில் R² பூச்சியத்துக்கு அருகிலேயே இருக்கும். நாளைய வருவாய் 0 என்று எப்போதும் சொல்லும் கணிப்பைப் பக்கத்தில் வைத்து, சோதனைக் காலத்தில் உங்கள் மாதிரியின் பிழை அதைவிடக் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.