கவுன்டரில் இருப்பவருக்கு முதலில் சொன்னீர்களா?

கேள்வி: என் கணவர் குழந்தை மருத்துவர். கிளினிக் நிர்வாகம் என் பொறுப்பு. மாலை 6 முதல் 9 வரை ஓ.பி., தினமும் 35 டோக்கன். அவர் ரவுண்ட்ஸ் முடித்து வர சில நாள் 6.30 ஆகிவிடும். "டாக்டர் தங்கமானவர், கவுன்டரில்தான் எரிந்து விழுகிறார்கள்" என்று கூகுளில் எழுதுகிறார்கள். இனிமையாகப் பேச ஒருநாள் பயிற்சி கொடுத்தும் பலனில்லை. போன மாதம் "20 நிமிடத்தில் டாக்டரைப் பார்க்கலாம்" என்று விளம்பரம் செய்தோம். கவுன்டர் பெண்ணுக்கு அதுகூடத் தெரியவில்லை, ஒரு பேஷண்ட் போனில் காட்டித்தான் தெரிந்துகொண்டாள். அவளை மாற்றிவிடலாமா?

பதில்: சகோதரி, அவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? நீங்கள் சொல்லவே இல்லையே. ஊருக்கே சொன்ன வாக்கை, அதைக் காப்பாற்ற வேண்டியவளிடம் மட்டும் சொல்லவில்லை. அதை அவளுடைய அசிரத்தை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "மேடம், இது நடக்காது" என்று சொல்லியிருப்பாள். எடை பார்த்து, பரிசோதித்து, மருந்து எழுதி, தாய்க்கு விளக்கிச் சொல்ல ஒரு குழந்தைக்கு 7 நிமிடம் என்று வையுங்கள். 6 மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தால், டாக்டர் நேரத்துக்கு வந்தாலும் மூன்றாவது டோக்கன் வரைதான் உங்கள் 20 நிமிடம் செல்லுபடியாகும். அவர் 6.30க்கு வரும் நாளில் முதல் டோக்கனுக்கே பொய். 15ஆம் டோக்கனை வைத்திருக்கும் தாய், காய்ச்சல் குழந்தையோடு 8 மணி தாண்டித்தான் உள்ளே போவாள். அதுவரை "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்பவள் யார்? டாக்டர் எப்போது வருவார் என்றே தெரியாத இந்தப் பெண்தான். தெரியாததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தால் யாருக்கும் குரல் உயரும். அதைப் பயிற்சி வகுப்பு சரிசெய்யாது.

1981இல் லியோனார்ட் பெர்ரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வங்கிகளைப் பற்றி எழுதும்போது, ஊழியரை வாடிக்கையாளராகவும், வேலையை அவருக்கு விற்கும் பொருளாகவும் பார்க்கச் சொன்னார். உங்கள் விளம்பரத்தின் முதல் வாடிக்கையாளர் கவுன்டர் பெண். அவள் நம்பி வாங்காத வாக்கை வெளியே விற்காதீர்கள்.

முதலில் அந்த விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம், கவுன்டரில் இருப்பவர்களை உட்கார வைத்து அட்டவணை போடுங்கள். அரை மணிக்கு நான்கு பேர், அதில் ஒரு இடம் அவசரத்துக்கு. மூச்சுத்திணறல், வலிப்பு என்று வரும் குழந்தை எந்த டோக்கனையும் தாண்டி உள்ளே போகும் என்ற விதியைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அப்போதுதான் "அவர்களை ஏன் முதலில் விட்டாய்?" என்ற சண்டை அவள் தலையில் விழாது. இந்தக் கணக்கில், அவசரமாக வருபவர்களையும் சேர்த்து 35 பேரைப் பார்க்க நான்கரை மணி நேரம் வேண்டும். ஒன்று டோக்கனைக் குறையுங்கள், இல்லையென்றால் 5 மணிக்கே தொடங்கி 9.30 வரை நடத்தி, கூடுதல் நேரத்துக்குச் சம்பளமும் சேர்த்துக் கொடுங்கள்.

அவள் கையில் கொஞ்சம் அதிகாரமும் வேண்டும். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலாளரைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவழிக்க ஊழியருக்கு உரிமை உண்டு. உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. குறித்த நேரம் ரொம்பத் தாண்டிப்போனால் அன்றைய கன்சல்டிங் ஃபீஸைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு அனுமதி கொடுங்கள். தினமும் ஓ.பி.க்கு முன்னால் பத்து நிமிடம் எல்லோரும் கூடி, இன்று டாக்டர் எப்போது வருகிறார், எந்தத் தடுப்பூசி தீர்ந்துவிட்டது என்று பேசிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஒருவர் பேஷண்டிடம் எரிந்து விழுந்தால், அப்போது அனுப்புங்கள், நான் தடுக்கமாட்டேன். மாற்றம் வந்ததா என்பதைக் கூகுளில் மட்டும் தேடாதீர்கள். உங்கள் ஊழியர்கள் தங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் கிளினிக்குக்கு அழைத்து வருகிறார்களா, வேறு டாக்டரிடம் போகிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டு விஷயம். 6.30 என்பதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கணவரிடம் கேட்கத் தயங்கியதை, சம்பளத்துக்கு வந்த பெண்ணிடம் கோபமாகக் காட்டுகிறீர்கள். நிர்வாகம் உங்கள் பொறுப்பு என்றால் அவரையும் கேட்பது உங்கள் கடமை. ரவுண்ட்ஸ் நீண்டுவிட்டால் ஓ.பி. தொடங்கக் கால் மணி நேரம் முன்பே அவரே கவுன்டருக்குப் போன் செய்ய வேண்டும், உங்கள் மூலமாக அல்ல. இன்று இரவே அவரிடம் பேசுங்கள்.