ஜிம்முக்குக் குடுக்கிற கடிதம்

"வெபர் மைதானத்தில பந்தடிக்கேக்க முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சிட்டு. ஜிம்முக்கு வருசக் காசு கட்டியாச்சு. டொக்டர்ர துண்டு இருக்கு. நிப்பாட்டி வைக்கச் சொல்லி எப்பிடி எழுதுற?"

தம்பி, முதல்ல துண்டை வாசிச்சுப் பாருங்க. "ஓய்வு தேவை" எண்டு மட்டும் இருந்தா, "கைக்குச் செய்யலாமே" எண்டுவாங்க. என்ட தோள் விலகினப்ப அதுதான் நடந்தது. திரும்பப் போய், ஜிம் பயிற்சி கூடாது எண்டு திகதியோட எழுதி, சீல் குத்தி வாங்கினன்.

கடிதத்தில இவ்வளவு போதும்:

"மார்ச் 3 முதல் ஏப்ரல் 13 வரை, 42 நாட்களுக்கு எனது அங்கத்துவத்தை இடைநிறுத்தி, டிசம்பர் 31இல் முடியும் திகதியை பெப்ரவரி 11 வரை நீட்டித் தரவும். வைத்தியரின் கடிதப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது."

அங்கத்துவம் முடியிற புதுத் திகதியை எழுதாம விட்டுராதீங்க. அது இல்லாட்டி நிப்பாட்டினதாச் சொல்லுவாங்க, ஆனா நாளைக் கூட்டித் தரமாட்டாங்க. கடிதம் கிடைச்ச நாள்ல இருந்துதான் கணக்கு எண்டும் சில இடத்தில சொல்லுவாங்க; அதால நொண்டிக்கொண்டு போகாம, வீட்டில ஆரிட்டயாவது இண்டைக்கே குடுத்து விடுங்க. துண்டின்ட மூலம் உங்கட கையில இருக்கட்டும், போட்டோ கொப்பி மட்டும் குடுங்க. கடிதத்தின்ட இன்னொரு கொப்பியில "கிடைத்தது" எண்டு திகதி போட்டு ஒப்பம் வாங்கோணும். கால் ஆறாட்டி, ஏப்ரல் 13க்கு முதலே புதுத் துண்டோட திரும்ப எழுதுங்க.