பொறுப்பு அட்டவணை: கழிவுக் கிலோவை யார் முடிவு செய்வது?

தங்கச்சி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு கொண்டுவரும் வேலைக்குப் பொறுப்பு அட்டவணை தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பயிற்சிக்கு வந்த நான் பெரியவர்களுக்கு எப்படி வேலை பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பிரிப்பது உங்கள் வேலை இல்லை. யார் எதைச் செய்கிறார்கள் என்று ஒரு வரைவு எழுதி, ஒவ்வொருவரிடமும் காட்டித் திருத்தி, கடைசியில் தோட்ட மேலாளரான துரையிடம் ஒப்புதல் வாங்குவதுதான் உங்கள் வேலை.

இதை ரேசி சார்ட் என்பார்கள். இடப்பக்கம் வேலைகள், மேலே பதவிகள். பெயர் எழுத வேண்டாம். துரை மாற்றலாகிப் போனால் அட்டவணையே செல்லாமல் போகும். கட்டத்தில் ஆர் என்றால் செய்பவர். ஏ என்றால் முடிவெடுத்து அதற்குப் பதில் சொல்பவர். சி என்றால் முடிவுக்கு முன் கருத்துக் கேட்க வேண்டியவர். ஐ என்றால் முடிவுக்குப் பிறகு தகவல் தெரிந்தால் போதுமானவர்.

"தராசுத் திட்டம்" என்று ஒரே வரியாக எழுதாதீர்கள், எல்லாருக்கும் எல்லா எழுத்தும் விழும். தராசு வாங்குவது, மலையில் நிறுப்பது, நிறையை ஆட்களின் வேலைப் பதிவேடான செக்ரோலில் ஏற்றுவது என்று உடையுங்கள். இவற்றில் பெரிய சண்டை வராது. சண்டை வரப்போவது ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்ற வரியில்.

அந்த வரியில் மலை வேலையைப் பார்க்கும் ஃபீல்ட் ஒபிசருக்கும், தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கருக்கும் இரண்டு ஏ போட்டீர்கள் என்று வையுங்கள். மழை நாளில் டீமேக்கர் அதிகமாகக் கழிக்கச் சொல்வார், ஆட்கள் கேள்வி கேட்பார்கள் என்று ஃபீல்ட் ஒபிசர் மறுப்பார். இருவரும் ஒத்துப்போகும்வரை கொழுந்து சாக்கிலேயே கிடந்து சூடேறும். ஆகவே ஒரு வரிக்கு ஒரே ஏ: இங்கே துரை. அவர் வெளியூர் போனால் யார் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். கழிவைக் கணக்கிட்டு முன்மொழிவதும், தராசில் அதைப் போடுவதும் ஃபீல்ட் ஒபிசர், அதனால் ஆர் அவருக்கு. டீமேக்கருக்கு சி.

அடுத்தது, தொழிலாளர் சார்பில் பேசும் தோட்டத் தலைவர். தொழிலாளர் தரப்புக்கு ஐ போட்டு முடித்துவிடுவது வழக்கம். இந்த வரியில் அது சரியில்லை என்பது என் கருத்து. கழிவு நேரே ஆட்களின் கூலியைத் தொடுகிறது. அறிவிப்பை ஒட்டிய பிறகு கேட்டால் பேச்சு கேள்வியாக வராது, தகராறாக வரும். அவருக்கு சி போடுங்கள். சி என்றால் சம்மதம் கட்டாயம் என்று அர்த்தம் இல்லை. துரை கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான். சம்பளக் கிளாக்கருக்கு ஐ போதும், ஆனால் எப்போது, எதில் என்று குறியுங்கள்: புதிய கழிவு நடைமுறைக்கு வருவதற்கு முந்தின நாள், எழுத்தில்.

சி நிறைய விழுந்த வரி இருந்தால் நிறுத்திப் பாருங்கள். இவர் கருத்துச் சொல்லாமல் விட்டால் முடிவு மாறுமா? மாறாது என்றால் ஐ ஆக்குங்கள். அப்புறம், வரைவை முதலில் ஃபீல்ட் ஒபிசரிடமும் டீமேக்கரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். கூட்டத்தில் முதல் தடவை பார்த்தால் இருவரும் ஏ கேட்பார்கள்.