மெய்ன் கூன் தாவத் தயங்கினால்: இடுப்பு எக்ஸ்ரேயும் கால்சியம் சிரப்பும்

“டாக்டருங்களுக்கு வணக்கம். எங்க மெய்ன் கூன் பூனைப் பையன் பீமாவுக்கு 14 மாசம் ஆகுது, 6.4 கிலோ இருக்கான். 5 மாசத்துலயே கருத்தடை பண்ணிட்டோம். முன்னால பீரோ மேல ஒரே தாவா ஏறுவான். இப்ப ரெண்டு மாசமா நாற்காலி, கட்டில்னு மாறி மாறித்தான் ஏறறான். நொண்டறதெல்லாம் இல்லீங்க. குட்டி வாங்கித் தந்தவரு, இந்த ஜாதி நாலு வருசம் வளரும், தினமும் கால்சியம் கொடுத்தா 10 கிலோ வரும்னு ஒரு சிரப் வித்துட்டுப் போனாரு. இது இடுப்பு வியாதியா? எக்ஸ்ரே எடுக்கணுமுங்களா? சிரப்பைத் தொடரலாமுங்களா?”
— வாசகி, அவிநாசி

அம்மா, சிரப்பை இன்றே நிறுத்துங்கள். எக்ஸ்ரே எடுங்கள், இந்த மாதத்துக்குள்ளேயே.

நொண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாய்க்கு இடுப்பு வலித்தால் நொண்டும். பூனை பெரும்பாலும் நொண்டாது. இரண்டு பக்கமும் வலிக்கும்போது எந்தக் காலைத் தூக்கி நடக்கும்? அதனால் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஒரே தாவலில் ஏறியது மூன்று தாவலாகப் பிரியும். தாவும் முன் பின்காலை இரண்டு முறை மாற்றி வைத்துப் பார்க்கும். ஏறிய பிறகு முன்காலால் இழுத்து உடம்பை மேலே கொண்டுவரும். நீளமுடிப் பூனையில் இன்னொரு அடையாளம் உண்டு: வாலின் அடிப்பக்கத்திலும் தொடையிலும் முடி சிக்குப் பிடித்துக் கட்டிகட்டியாகும். திரும்பி நக்க இடுப்பு வளைய வேண்டும், அது வலிக்கிறது. சோம்பேறியாகிவிட்டான் என்று சொல்லி அந்த முடியை வெட்டிவிடுகிறார்கள். பீமாவின் பின்பக்க முடியை இன்று விரலால் கோதிப் பாருங்கள். அவன் பீரோ ஏறுவதைப் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் பயந்து சுருண்டு கிடக்கும் பூனையைவிட அந்த வீடியோ எனக்கு அதிகம் சொல்லும்.

இடுப்பில் என்ன நடக்கிறது என்பதை ஆட்டுக்கல்லை வைத்துச் சொல்கிறேன். குழி ஆழமாக இருந்தால் குழவி நின்ற இடத்தில் சுற்றும். ஆழம் குறைந்தால் குழவி அலையும், விளிம்பில் இடிக்கும். தொடை எலும்பின் உருண்டைத் தலை குழவி. இடுப்பெலும்பின் கிண்ணம் குழி. கிண்ணம் ஆழமில்லாமல் வளர்வதைத்தான் ஹிப் டிஸ்பிளேசியா என்கிறோம். இடித்த விளிம்பில் புது எலும்பு முளைத்து மூட்டுத் தேய்மானமாகிறது. மெய்ன் கூனில் இது அபூர்வமானதல்ல. 2019இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், எக்ஸ்ரே பார்க்கப்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் மெய்ன் கூன்களில் 37 சதவீதத்துக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தது. பெற்றோரிடமிருந்து வரும் குறைதான். ஆனால் எடை கூடக் கூட அது மோசமாகிறது. 10 கிலோ வரும் என்று ஒருவர் ஆசை காட்டுவது எனக்கு ஏன் கோபமூட்டுகிறது என்று இப்போது புரியும்.

நாலு வருடம் வளரும் என்பதில் பாதி உண்மை. எலும்பு நீள்வது பெரும்பாலும் முதல் ஒன்றரை இரண்டு வருடத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு மார்பு அகல்வதும் சதை கூடுவதும் கழுத்து மயிர் அடர்வதும்தான் மெல்ல நடக்கும். எலும்பு நீளும் காலத்தில் உணவில் இருக்கும் கால்சியமே போதும். நல்ல குட்டி உணவு போடுகிறீர்கள் என்றால் கால்சியமும் பாஸ்பரஸும் அளவோடு கலந்தே வருகின்றன. மேலே சிரப் ஊற்றினால் அந்த அளவு கெடும். வெறும் வேகவைத்த கோழிக்கறிதான் போடுகிறீர்கள் என்றால் சங்கதி வேறு. பல்லடம் பக்கம் கோழி மலிவு, வீட்டுக்கு வீடு அதைத்தான் போடுகிறார்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் பல மடங்கு, கால்சியம் கொஞ்சம். உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். எலும்பு அப்பளம் போலாகும். அதற்கும் மருந்து குத்துமதிப்பாக ஊற்றும் சிரப் அல்ல, உணவை மாற்றுவதுதான். ஈரலைத் தினமும் போடாதீர்கள். அதில் இருக்கும் வைட்டமின் ஏ மிஞ்சினால் கழுத்தெலும்புகளும் மூட்டுகளும் ஒட்டிக்கொள்ளும்.

பீமா விஷயத்தில் எனக்கு இடுப்புக் குழியைத் தவிர இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அதனால்தான் இந்த மாதத்துக்குள் என்றேன். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே வளர்தட்டு என்று ஒரு குருத்தெலும்பு அடுக்கு உண்டு. கருத்தடை செய்யாத பூனையில் அது சுமார் பத்து மாதத்தில் எலும்பாகி மூடிவிடும். சீக்கிரம் கருத்தடை செய்த ஆண் பூனையில் ஒன்றரை வயதுக்கு மேலும் திறந்தே இருக்கலாம். கனமான உடம்பு, மூடாத தட்டு. அடிபடாமலேயே தலை சறுக்கிக் கழன்றுவிடும். கருத்தடை தப்பு என்று சொல்லவில்லை. இந்த ஜாதி ஆண் பூனையில் ஒரு வயதை ஒட்டிச் செய்யலாம் என்றுதான் நான் சொல்வேன்.

கோபியிலிருந்து ஒரு பூனை வந்தது. 19 மாதம், 7.2 கிலோ, உங்கள் பையன் போலவே சின்ன வயதில் கருத்தடை. மூன்று மாதமாக ஜன்னலில் ஏறவில்லை. விற்றவர் கால்சியம் குறைச்சல் என்றிருக்கிறார், இவர்கள் மூன்று பாட்டில் ஊற்றியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் எக்ஸ்ரேயும் எடுத்திருந்தார்கள்: விழித்திருக்கும் பூனையை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரே படம், இரண்டு தொடையும் ஒன்றன் மேல் ஒன்று. நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்து, பின்கால்களை நேராக நீட்டி எடுத்தேன். வலது தலை சறுக்கியிருந்தது. எலும்பின் கழுத்து கடித்துத் தின்ற ஆப்பிளின் நடுத்தண்டு போல மெலிந்திருந்தது, அதாவது வாரக்கணக்கான பழசு. தலையையும் கழுத்தையும் வெட்டி எடுத்தோம். கேட்க பயமாக இருக்கும், ஆனால் அந்த இடத்தில் சதையும் நாரும் சேர்ந்து ஒரு பொய் மூட்டை உண்டாக்கும். பூனை அதை வைத்து நன்றாகவே நடக்கும். மூன்றாம் மாதம் சோபாவில் தாவினான். நாலாம் மாதம் இடது பக்கமும் சறுக்கியது. அது அடிக்கடி நடப்பதுதான், முதலிலேயே சொல்லி வைத்திருந்தோம்.

ஆகவே எக்ஸ்ரே என்றால் இப்படிக் கேளுங்கள்: மயக்கம் கொடுத்து, மல்லாக்க, இரண்டு பின்காலும் இணையாக நீட்டி ஒரு படம்; தவளை போல மடக்கி ஒரு படம். சறுக்கிய தலை சில சமயம் இரண்டாவதில்தான் தெரியும். மயக்கத்துக்கு முன் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் எக்கோ. இந்த ஜாதியில் இதயத் தசை தடிக்கும் நோய் பரம்பரையாக வருகிறது.

அந்த இதய நோயால் வரும் ஒன்றை மட்டும் இடுப்பு வலி என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். காலையில் நன்றாக இருந்த பூனை திடீரென்று அலறும். பின்கால் இரண்டும் விழுந்துவிடும், இழுத்துக்கொண்டு வரும். தொட்டுப் பாருங்கள்: பின்பாதம் ஜில்லென்று இருக்கும், முன்பாதம் சூடாக இருக்கும். பாத மெத்தை வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கும். மூச்சு வாங்கும். இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி, பின்காலுக்குப் போகும் குழாய் பிரியும் இடத்தில் அடைத்துவிட்டது என்று அர்த்தம். இடுப்பு மூட்டு நோய் ஒரு நிமிடத்தில் இரண்டு காலையும் விழவைக்காது, பாதத்தைக் குளிரவைக்காது. எண்ணெய் தேய்க்காதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள், கட்டுப் போடுபவரிடம் போகாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி, அந்த மணியிலேயே. நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் ‘எங்கோ விழுந்திருக்கும்’ என்று ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்து கொண்டுவந்தவை.

எக்ஸ்ரே எங்கே எடுப்பது? இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. கொங்கு நாட்டில் ஆடு மாட்டுக்கும் கோழிக்கும் ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. பூனைக்கு மயக்கம் கொடுத்து ஒழுங்காக இரண்டு படம் எடுக்க ஜனங்கள் ஜில்லா தாண்டி அலைகிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பக்கத்தில் தனியார் இடம் இருந்தால், மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். நாய் வளர்த்து விற்பவர்களுக்கென்று 2017இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. அதையே எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று தெரியும். பூனைக்குட்டியைக் கூடையில் வைத்து வாட்ஸ்அப்பில் விற்பவரைப் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயைக் காட்டு என்று கட்டாயப்படுத்த ஆளில்லை.

அடுத்த குட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் நீங்களே கேளுங்கள். ஒரு எக்ஸ்ரே போட்டோவை அனுப்புவார்கள். அது எந்தப் பூனையுடையது? படத்தின் மேலேயே பூனையின் பெயரோ 15 இலக்க மைக்ரோசிப் எண்ணோ பதிந்திருக்க வேண்டும், தாய் தகப்பன் இருவருக்கும். அமெரிக்காவின் OFA அமைப்பு தரும் இடுப்புச் சான்று என்றால் ofa.org தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். அங்கே இறுதிச் சான்று 24 மாதம் முடிந்த பிறகுதான் தருகிறார்கள்; ஒரு வயதுத் தகப்பனுக்குச் சான்று இருக்கிறது என்றால் நம்பாதீர்கள்.

எக்ஸ்ரேயில் பீமாவுக்குத் தலை சறுக்கியிருந்தால் அறுவைதான், தள்ளிப்போட வேண்டாம். குழி ஆழக்குறைவு மட்டும் என்றால் பெரும்பாலும் கத்தி வேண்டாம். 6.4 கிலோ இந்த வயதுக்குச் சரியான எடைதான், அங்கேயே நிற்கட்டும். விலா எலும்பைத் தடவினால் உங்கள் புறங்கை எலும்பைத் தடவுவது போலத் தெரிய வேண்டும். உள்ளங்கை போல மெத்தென்றிருந்தால் உணவைக் குறையுங்கள். பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, டைல்ஸ் தரையில் அவன் ஓடும் வழியில் வழுக்காத விரிப்பு, மண் தட்டுக்கு ஒரு பக்கம் தாழ்வான விளிம்பு. வலி இருந்தால் மெலாக்சிகாம் போன்ற மருந்தை டாக்டர் எடை பார்த்து, சிறுநீரகம் பார்த்துத் தருவார். வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைத் தராதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும்.

பீமாவுக்கு 24 மாதம் முடிந்ததும் மறுபடி ஒரு படம் எடுங்கள். முதல் படத்தின் சிடியை ஆஸ்பத்திரியில் விட்டுவராமல் கேட்டு வாங்கி வைத்திருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தேய்மானம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.