வீட்டிலிருந்து வேலை கிடையாது என்று ஹெச்.ஆர். மறுத்தால்...

கேள்வி: சோழிங்கநல்லூரில் 600 பேர் வேலை செய்யும் ஐ.டி. நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். 26 வார மகப்பேறு விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. ஆறு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டேன். “கொள்கைப்படி வாரம் 5 நாளும் அலுவலகம் வர வேண்டும். கிளையண்ட் டேட்டாவை வெளியே கையாள ஒப்பந்தத்தில் இடமில்லை” என்று ஹெச்.ஆர். அதிகாரி மெயில் அனுப்பிவிட்டார். வழக்குப் போடலாமா?
– வாசகி, பெரும்பாக்கம்

பதில்: இந்த மெயிலை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்காது. மகப்பேறு சட்டத்தில் 2017-இல் சேர்த்த 5(5) பிரிவு, விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை தருவதை நிறுவனத்தின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. வேலையின் தன்மை அதற்கு ஒத்துவர வேண்டும். எத்தனை நாள், என்ன நிபந்தனை என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் நிலைமை இதுதான்.

ஆனால் அவர் சொன்ன இரண்டு காரணங்களுக்கும் ஒரே எடை கிடையாது. கிளையண்ட் ஒப்பந்தம் வலுவான காரணம். ‘கொள்கை’ என்பது அப்படியல்ல. சட்டம் பார்ப்பது உங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதை. எனவே பதில் மெயிலில், உங்கள் வேலையில் எந்தப் பகுதிக்கு உண்மையான கிளையண்ட் டேட்டா தேவை என்று கேளுங்கள். டெஸ்ட் கேஸ் எழுதுவது, மாதிரி டேட்டாவில் சோதிப்பது, அறிக்கை தயாரிப்பது போன்றவற்றுக்குத் தேவைப்படாது என்றால் அதைப் பட்டியலிடுங்கள். அதே புராஜெக்டில் வேறு யாராவது வீட்டிலிருந்து வேலை செய்தால் அதையும் குறிப்பிடுங்கள். ஆறு மாதம் முழுவதும் கேட்டதால்தான் உடனே மறுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நிறுவன லேப்டாப்பில், வாரம் 2 நாள், முதலில் 3 மாதம் என்று கேட்டால் பேசுவதற்கு இடம் பிறக்கும்.

உங்கள் கையில் இருக்கும் உண்மையான பிடி வேறு: குழந்தைகள் காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தந்தே ஆக வேண்டும். அங்கே நீங்கள் ஒரு நாளில் 4 முறை சென்று குழந்தையைப் பார்த்து வரலாம். இதில் நிறுவனத்தின் விருப்பத்துக்கு இடமே இல்லை. தவிர, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட தினமும் 2 இடைவேளை உண்டு. “காப்பகம் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து குழந்தையைச் சேர்க்கலாம்?” என்று அதே மெயிலில் கேளுங்கள். காப்பகம் இல்லாத நிறுவனம், இந்தக் கேள்வி எழுத்தில் வந்ததும் வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி மறுபடி பேச முன்வருவது உண்டு. பதிலே வராவிட்டால் மெயில் நகல்களுடன் தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: பேச்சு நடக்கிறதே என்று, சேர வேண்டிய தேதியில் போகாமல் வீட்டிலிருந்தே லாகின் செய்வது. விடுப்புக் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பு விடுப்போடு முடிந்துவிடும். அதன் பிறகு அனுமதியில்லாமல் வராதது ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகும். அவகாசம் வேண்டுமென்றால் மீதமுள்ள ஈட்டிய விடுப்பையோ சம்பளமில்லா விடுப்பையோ கேட்டு, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.