வெப்பப் பரிமாற்றமில்லா விரிவு: இறுதி வெப்பநிலையும் வேலையும் (கேள்வி பதில்)

பாலக்கோடு, பிளஸ் 2 மாணவி: ஐயா, ஒரு மோல் நைட்ரஜன் 300 கெல்வினில் 8 பார் அழுத்தத்தில் இருக்கிறது. வெப்பப் பரிமாற்றம் இல்லாமல் மீள்முறையில் 1 பார் வரை விரிகிறது. நல்லியல்பு வாயு என்று கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இறுதி வெப்பநிலை எனக்கு 0.2 கெல்வின் என்று வருகிறது. வேலையைக் கணக்கிடவே பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதில்லை அம்மா. விடையைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்களே, அதுவே பாதிக் கணக்கு. நைட்ரஜன் 77 கெல்வினிலேயே திரவமாகிவிடும். 0.2 கெல்வினில் வாயு என்று ஒன்று இருக்காது. நீங்கள் அடுக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். சரியான வடிவம் இது:

```
T2 = T1 × (P2/P1)^((γ−1)/γ)
```

நைட்ரஜனுக்கு γ = 1.4. ஆகவே அடுக்கு 0.4/1.4, அதாவது 2/7. நீங்கள் 7/2 போட்டதால்தான் 0.2 வந்தது. மடக்கை அட்டவணையில் போட்டுப் பாருங்கள். 8-இன் மடக்கை 0.9031. அதை 2/7 ஆல் பெருக்கினால் 0.2580. எதிர்மடக்கை 1.811. முந்நூறை அதனால் வகுத்தால் 165.6 கெல்வின். அழுத்தம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தாலும் வெப்பநிலை பாதியைவிடச் சற்று அதிகமாகவே நிற்கிறது. ஈரணு வாயுக்களுக்கு இந்த அளவு மனத்தில் பதிந்துவிட்டால் அடுக்கு தலைகீழாகும் பிழை உடனே கண்ணில் படும்.

வேலைக்குத் தொகையீடு எதுவும் தேவையில்லை. வெப்பம் உள்ளே வரவில்லை என்றால் வாயு செய்யும் வேலை முழுவதும் அதன் அக ஆற்றலிலிருந்தே போக வேண்டும்.

```
W = Cv (T1 − T2) = (5/2)(8.314)(300 − 165.6) ≈ 2793 J
```

வேறு வழியிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பருமன் 3.12 லிட்டர், இறுதிப் பருமன் 13.77 லிட்டர். (P1V1 − P2V2)/(γ − 1) என்பதில் இவற்றைப் போட்டாலும் அதே 2793 ஜூல்தான் வரும். இரண்டு வழியும் ஒத்துப்போகவில்லை என்றால் T2 தவறு என்று பொருள்.

இன்னொன்று: இயற்பியல் தாளில் வாயு செய்த வேலை நேர்க்குறி. வேதியியல் தாளில் வாயுவின் மீது செய்யப்பட்ட வேலைதான் நேர்க்குறி, ஆகவே அங்கே −2793 என்று எழுத வேண்டும். எந்தத் தாள் என்று பார்த்துக் குறியைப் போடுங்கள்.

காரிமங்கலம், இளங்கலை வேதியியல் மாணவர்: ஐயா, வெப்பநிலை ஒரு நிலைச்சார்பு. பாதை எதுவாக இருந்தாலும் அதன் மதிப்பு மாறாது. அப்படியானால் கேள்வியில் "மீள்முறையில்" என்ற சொல்லே தேவையில்லை அல்லவா? 8 பாரிலிருந்து 1 பாருக்கு எப்படி விரிந்தாலும் 165.6 கெல்வின்தானே?

முதல் வாக்கியம் முழுக்கச் சரி தம்பி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. பலர் தடுக்கி விழும் இடம் இது என்பதால் நின்று பார்க்கலாம்.

நிலைச்சார்பு என்றால், போய்ச் சேர்ந்த நிலை ஒன்றாக இருந்தால் மதிப்பும் ஒன்றாக இருக்கும் என்பதுதான். ஆனால் "1 பார்" என்று மட்டும் சொன்னால் அது ஒரு நிலை ஆகாது. ஒரு மோல் வாயுவின் நிலையைக் குறிக்க இரண்டு அளவுகள் வேண்டும். அழுத்தத்தைக் கொடுத்துவிட்டோம், இன்னொன்றைக் கொடுக்கவில்லை. அந்த இரண்டாவது அளவைத் தீர்மானிப்பதே விரிந்த விதம்தான்.

பிஸ்டனை ஒரு முளை தடுத்து வைத்திருக்கிறது, வெளியே 1 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முளையைச் சட்டென்று பிடுங்கிவிடுகிறோம். இப்போது வாயு தன் 8 பார் வலிமையோடு மெல்ல மெல்லத் தள்ளவில்லை. எதிரே நிற்பது தொடக்கம் முதல் முடிவு வரை 1 பார் மட்டுமே. அந்த 1 பாரைத் தள்ளிய வேலைதான் வாயுவுக்குச் செலவு. எனவே:

```
Cv (T1 − T2) = P2 (V2 − V1)
(5/2)(300 − T2) = T2 − 300/8
T2 = 225 K
```

இரண்டாவது வரியில் பருமன்களை RT/P என்று மாற்றி, இருபுறமும் R-ஐ அடித்துவிட்டேன். வேலை 20.785 × 75, அதாவது சுமார் 1559 ஜூல். முந்தைய கணக்கோடு ஒப்பிடுங்கள். தொடக்கம் ஒன்று, இறுதி அழுத்தம் ஒன்று, வெப்பப் பரிமாற்றம் இரண்டிலும் இல்லை. ஆனால் ஒன்றில் வாயு 165.6 கெல்வினில் நிற்கிறது, மற்றதில் 225 கெல்வினில். இறுதிப் பருமனும் வேறு: 13.77 லிட்டருக்குப் பதில் 18.71 லிட்டர். இரண்டும் இரண்டு வெவ்வேறு நிலைகள், ஆகவே நிலைச்சார்பு என்ற விதிக்கு எந்தப் பங்கமும் இல்லை.

வெளியே வெற்றிடமாகவே இருந்தால் தள்ள எதுவும் இல்லை, வேலை சுழி, நல்லியல்பு வாயு 300 கெல்வினிலேயே இருக்கும். அப்படியாக, "வெப்பப் பரிமாற்றமில்லா விரிவு" என்று மட்டும் சொன்னால் 165.6 முதல் 300 வரை எந்த விடையும் வரலாம். மீள்முறை என்ற சொல்தான் அதைக் கீழ் எல்லையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அதே மாணவர்: புரிகிறது ஐயா. ஆனால் முளையைப் பிடுங்கிய கணக்கில் PV^γ மாறிலி என்ற சமன்பாட்டை ஏன் பயன்படுத்தக் கூடாது? அதுவும் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுக்கான சமன்பாடுதானே?

அந்தச் சமன்பாடு பிறந்த இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சிறு நகர்விலும் வேலையை P dV என்று எழுதி, அந்த P-க்குப் பதில் வாயுவின் RT/V-ஐப் போட்டபோதுதான் அது வந்தது. வெளி அழுத்தமும் உள் அழுத்தமும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தால் மட்டுமே அப்படிப் போட முடியும். முளையைப் பிடுங்கினால் வாயுவுக்குள் ஓர் இடத்தில் ஓர் அழுத்தம், வேறு இடத்தில் வேறு அழுத்தம். போட வேண்டிய P எது என்றே சொல்ல முடியாது. வெளி அழுத்தம் மட்டும்தான் நம் கையில் தெளிவாக இருக்கிறது, அதை வைத்துத்தான் கணக்கைப் போட வேண்டும்.

கிருஷ்ணகிரி, பாலிடெக்னிக் மாணவர்: எங்கள் வகுப்பில் இதே 300 கெல்வின், 8 பார், 1 பார் கணக்கில் ஒரு மோலுக்கு வேலை 3911 ஜூல் என்று போட்டார்கள். நீங்கள் 2793 என்கிறீர்கள். யார் சொல்வது சரி?

உங்கள் கணக்கில் டர்பைனோ காற்று மோட்டாரோ இருந்திருக்க வேண்டும். அப்படியானால் 3911 சரி, உருளைக்குள் அடைபட்ட வாயுவுக்கு 2793 சரி. வெப்பநிலை இரண்டிலும் அதே 165.6தான்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்றால், ஓடும் வாயுவைப் பின்னாலிருந்து வரும் வாயு உள்ளே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் P1V1, அதாவது 2494 ஜூல். வெளியேறும்போது முன்னால் இருப்பதை இது தள்ள வேண்டும், அதற்குச் செலவு P2V2, 1377 ஜூல். மீதி 1117 ஜூலும் தண்டில் கிடைக்கிறது. 2793-உடன் கூட்டிப் பாருங்கள், ஒரு ஜூல் முன்பின்னாக 3911 வந்துவிடும். இதையே சுருக்கமாக Cp (T1 − T2) என்று எழுதுகிறார்கள். வினாவில் உருளை, பிஸ்டன் என்றிருந்தால் Cv, வாயு தொடர்ந்து நுழைந்து வெளியேறினால் Cp. இதைப் பார்க்காமல் எண்களை மட்டும் பொருத்துவதால்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலைக் குளிர்பதன அறை ஊழியர்: எங்கள் குளிர்பதன அறையும் இப்படித்தான் குளிர்கிறதா? வால்வைத் தாண்டியதும் குழாய் பனி பிடித்துவிடுகிறது.

இல்லை ஐயா. அந்த வால்வில் எதுவும் பிஸ்டனைத் தள்ளவில்லை, வேலை எடுக்கப்படவில்லை. அங்கே நல்லியல்பு வாயு ஓடினால் வெப்பநிலை துளியும் மாறாது. உங்கள் குழாய் குளிர்வதற்குக் காரணம், உள்ளே இருப்பது திரவம். அழுத்தம் குறைந்ததும் அதில் ஒரு பகுதி ஆவியாகிறது, அதற்கான வெப்பத்தை அது தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

பர்கூர், கிரானைட் குவாரி கம்ப்ரசர் இயக்குபவர்: எங்கள் கம்ப்ரசர் மீட்டரில் 7 பார். துளைக்கும் இயந்திரத்தின் காற்று வெளியேறும் வாயில் பனி கட்டுகிறது, சில நேரம் அடைத்தே விடுகிறது. என் மகன் சூத்திரத்தில் 7-ஐயும் வெளியே 0-வையும் போட்டு, சுழி கெல்வின் வருகிறது என்று சிரிக்கிறான். வெப்பமானி வைத்துப் பார்த்தால் சுழிக்குக் கீழே சில டிகிரி செல்சியஸ்தான் காட்டுகிறது.

உங்கள் மகன் போட்ட இரண்டு எண்களும் மீட்டர் அழுத்தம். அது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டுமே காட்டும். சூத்திரத்துக்கு முழு அழுத்தம் வேண்டும்: உள்ளே 8, வெளியே 1. உங்கள் ஊர் உயரத்தில் வெளிக்காற்று 1 பாருக்குச் சற்றுக் குறைவுதான், ஆனால் இந்தக் கணக்குக்கு அது பெரிய விஷயமில்லை. காற்றுக்கும் γ 1.4 என்பதால், மேலே அந்த மாணவி கேட்ட கணக்கே உங்கள் கணக்கு. விடை 165.6 கெல்வின், அதாவது சுழிக்குக் கீழே 107 டிகிரி.

அவ்வளவு குளிர் உங்கள் இயந்திரத்தில் வராது. துளைக்கும் இயந்திரம் காற்றை உள்ளேயே 1 பார் வரை பொறுமையாக விரிய விடுவதில்லை. வீச்சின் பெரும்பகுதிக்கு முழு அழுத்தத்திலேயே தள்ளிவிட்டு, அழுத்தம் மிச்சமிருக்கும்போதே வாயைத் திறந்து விடுகிறது. வீச்சு முழுவதும் 8 பாரிலேயே தள்ளினால் ஒரு மோலுக்கு வேலை 7 பார் × 3.12 லிட்டர், சுமார் 2182 ஜூல். அதை Cp-ஆல், அதாவது 29.1 ஆல் வகுத்தால் 75 டிகிரி இறக்கம். மறுபடியும் 225 கெல்வின், சுழிக்குக் கீழே 48.

அங்கிருந்து உங்கள் வெப்பமானி காட்டும் அளவுக்கு ஏறுவதற்குக் காரணங்கள் மூன்று. இயந்திரத்தின் இரும்பு உடம்பு காற்றுக்கு வெப்பம் கொடுக்கிறது. காற்றில் உள்ள ஈரம் பனியாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. வெளியே வந்ததும் சுற்றுப்புறக் காற்று கலந்துவிடுகிறது. இவற்றில் எதன் பங்கு அதிகம் என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியாது. வெப்பமானியின் முனையை வாயிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தீர்கள்? வாய்க்குள்ளேயே ஒட்டி ஒருமுறையும், ஒரு சாண் தள்ளி ஒருமுறையும் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் கலப்புதான் முதல் காரணம்.

அடைப்புக்கு மருந்து ஈரத்தைக் குறைப்பதுதான், அழுத்தத்தைக் குறைப்பது அல்ல. கம்ப்ரசரிலிருந்து காற்று சூடாக வரும், தொட்டியில் ஆறும்போது நீர் பிரியும். அந்த நீரை அடிக்குழாய் வழியே வேலை தொடங்கும் முன்பும் இடையிலும் வடித்துவிடுங்கள். இயந்திரத்துக்குப் போகும் வழியில் நீர் பிரிப்பான் இல்லையென்றால் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் பனி அடைத்தால், தொட்டியைத் தாண்டிய குழாயைத் தொட்டுப் பாருங்கள். அங்கே இன்னும் சூடு தெரிந்தால் காற்று ஆறாமலே போகிறது, நீர் துளைக்கும் இயந்திரத்துக்குள் வந்துதான் பிரியும்.