பேக்கரி போர்டின் மாதிரிப் படம்: அளவு எப்படிச் சரியாக வரும்?

"கடை முகப்புப் போட்டோவில் போர்டை ஒட்டிக் காட்டினேன். 'நிஜத்தில் இவ்வளவு பெரிதாக வராதே' என்று உரிமையாளர் ஒப்புதல் தரவில்லை."

கண்ணளவில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும், நண்பரே. எதிர்ச்சாரியில் தள்ளி நின்று, ஜூம் செய்து நேராக ஒரு படம் எடுங்கள். போர்டு மாட்டப்போகும் பீமின் அகலத்தை டேப்பால் அளங்கள். பீம் 10 அடி, படத்தில் அது 1500 பிக்சல் என்றால், ஓர் அடிக்கு 150 பிக்சல். அப்போது 8 அடிக்கு 2 அடி போர்டு 1200க்கு 300 பிக்சல்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேக் அலமாரியை அளவுகோலாக எடுக்கவே வேண்டாம். அது உள்ளே தள்ளி இருப்பதால் படத்தில் சிறுத்துத் தெரியும், அதை வைத்துக் கணக்கிட்டால் போர்டும் சிறுத்துவிடும். அப்புறம், அடிக்கணக்கைப் படத்திலேயே எழுதி அனுப்புங்கள்.